வாசிக்க மறுக்கும் 14 வயது மகனுக்கு எந்தச் சித்திரக்கதையைத் தெரிவு செய்வது?

லிந்துலை அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு வயது 14, தரம் 9இல் படிக்கிறான். பாடப் புத்தகத்தைத் தவிர வேறு எதையும் வாசிப்பதில்லை. பாடப் புத்தகத்தையும் நான் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் திறக்கிறான். பாடசாலை விட்டு வந்தால் இருட்டும் வரை மைதானத்தில் கரப்பந்து, அதன் பிறகு கைத்தொலைபேசியில் ஜப்பானிய அனிமே. அறிவில் குறைவில்லை. பார்த்த கதையைச் சொல்லச் சொன்னால் ஒரு மணி நேரம் சுவை குன்றாமல் சொல்வான்.

நாவலைக் கொடுத்தால் முதல் பக்கத்திலேயே மூடிவிடுகிறான் என்பதால், சித்திரக்கதையாவது படிக்கட்டும் என்று சென்ற செப்டம்பரில் கொழும்புப் புத்தகக் கண்காட்சிக்குப் போயிருந்த என் தம்பியிடம் சொல்லி இரண்டு புத்தகங்கள் வாங்கினேன். ஒன்று தமிழில் வந்த வண்ணப் புத்தகம், பெரிய அளவு, மேற்கத்தியக் குதிரை வீரர்களின் கதை. மற்றது ஆங்கிலத்தில் ஒரு ஜப்பானிய மாங்கா. ஏதோ ஒரு தொடரின் ஆறாவது பாகம், அதுதான் கடையில் இருந்ததாம். தமிழ்ப் புத்தகத்தைப் பத்து நிமிடத்தில் புரட்டி முடித்துவிட்டு "பார்த்துட்டேன்மா" என்று வைத்துவிட்டான். ஆங்கிலப் புத்தகத்தைத் தொடவேயில்லை.

நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். இப்படிப்பட்ட புத்தகங்களை அடிக்கடி வாங்கிப் பார்க்க வசதியில்லை. அடுத்ததாக வாங்குவது வீணாகக்கூடாது என்பதற்காகவே கேட்கிறேன். எதைப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும்?

---

பண்டாரவளைச் சேகரிப்பாளர்

சகோதரி, நீங்கள் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். நாற்பது வருடங்களாகச் சித்திரக்கதை வாசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரும்புக்கை மாயாவியைக் கொடுங்கள். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் முதல் இதழாக வெளியிட்டதே அந்தக் கதைதான். எங்கள் காலத்தில் தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கப்பிள்ளையின் வீட்டில் ஒரு பிரதி இருந்தது. அதை இருபது பையன்கள் முறை வைத்துப் படித்தோம். 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கிய பிறகு வந்தவற்றையும் ஒன்று விடாமல் படித்தேன். அந்த ருசியில் வளர்ந்தவன்தான் பின்னர் நாவல்களுக்கும் போனேன்.

மாயாவியை முடித்ததும் "இரத்தப் படலம்" கொடுங்கள். நினைவை இழந்த ஒரு மனிதன் தான் யார் என்று தேடிப் போகும் நெடுந்தொடர் அது. அதைத் தொட்ட பிள்ளை கீழே வைக்க மாட்டான். நல்ல கதையாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

---

ஹட்டன் நூலகப் பொறுப்பாசிரியர்

சகோதரிக்கு வணக்கம். ஒரு பாடசாலை நூலகத்தில் சித்திரக்கதைக்கெனத் தனி அலுமாரி வைத்துப் பல வருடங்களாகப் பிள்ளைகளைக் கவனித்து வருகிறேன். புத்தகத்தின் பெயரைச் சொல்வதற்கு முன்பு, உங்கள் மகன் அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்தான் என்பதை முதலில் அறிய வேண்டும். "பார்த்துட்டேன்" என்று அவன் சொன்ன சொல் மிகச் சரியான சொல்லாக இருக்கலாம். அவன் பார்த்திருக்கிறான், வாசித்திருக்க வாய்ப்பில்லை.

பிரெஞ்சு, பெல்ஜியப் பாணிப் பெரிய அளவுப் புத்தகம் ஒன்றில் சாதாரணமாக 44 முதல் 46 பக்கங்கள் கதை இருக்கும், ஒரு பக்கத்தில் நான்கு வரிசைகளில் பத்துக் கட்டங்கள் வரை வரும். பாத்திரங்களின் பேச்சு எழுதப்பட்ட பலூன்களோடு அதை முழுமையாக வாசிக்க, பழகிய வாசகருக்கே பத்து நிமிடத்தைவிட மிக அதிக நேரம் தேவைப்படும். பத்து நிமிடத்தில் முடித்தவன் படங்களை மட்டும் தொடர்ந்து போயிருக்கிறான். இது தவறோ சோம்பலோ அல்ல. அனிமே பார்த்துப் பழகிய கண்ணுக்குப் படத்திலிருந்து கதையைப் பிடிக்கும் திறன் கூர்மையாகவே இருக்கும். ஆனால் எந்தப் புத்தகம் வாங்குவது என்ற கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது.

வீட்டில் இருக்கும் அந்தத் தமிழ்ப் புத்தகத்தை வைத்தே ஒரு சிறு சோதனை செய்யலாம். முதலில் நீங்கள் முழுவதையும் படியுங்கள். பிறகு ஒரு பக்கத்தைத் திறந்து இரண்டு விதமான கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று, படத்தைப் பார்த்தாலே தெரியும் விடயம்: யார் முதலில் சுட்டது, குதிரை எங்கே விழுந்தது. மற்றது, பலூனைப் படித்தால் மட்டுமே தெரியும் விடயம்: அந்தக் கடிதம் யாரிடமிருந்து வந்தது என்று அவன் சொல்கிறான், எதற்காக அந்த ஊருக்குப் போகிறார்கள். பரீட்சை மாதிரிக் கேட்டால் அன்றோடு அந்தப் புத்தகத்தை மறந்துவிடலாம். "எனக்கு இந்த இடம் விளங்கவில்லை, இவன் ஏன் கோபப்படுகிறான்?" என்று நீங்கள் வாசகியாக நின்று கேளுங்கள்.

அதன் பிறகு ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசிக்க வையுங்கள், ஒரே ஒரு பக்கம். நீங்கள் ஒரு பாத்திரமும் அவன் ஒரு பாத்திரமுமாகப் பேசினால் அவனுக்குக் கூச்சம் குறையும். எங்கே தடுமாறுகிறான் என்று கவனித்து இங்கே எழுதுங்கள். இதைப் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். சமையல்கட்டு மின்குமிழின் கீழ் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பண்டாரவளை ஐயா சொன்னதில் ஒரு பாதி எனக்கும் உடன்பாடு. மற்றப் பாதியைச் சோதனை முடிவு வந்த பிறகு பேசுவோம்.

---

நானுஓயா தந்தை

என் மகள் அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். ஆங்கிலத்தில் மட்டும் புள்ளி குறைவு. சித்திரக்கதை வாசித்தால் ஆங்கிலம் வளரும் என்று பிரத்தியேக வகுப்பு ஆசிரியர் சொன்னதால் டின்டின் ஒன்றும் ஒரு மாங்காவும் வாங்கினேன். டின்டினை ஆறுதலாகவாவது படிக்கிறாள், மாங்காவைப் படிக்கவே கஷ்டம் என்கிறாள். டின்டினில்தான் வசனம் அதிகம், சொற்களும் கடினம். பிறகு ஏன் இப்படி? எது பரீட்சைக்கு உதவும்?

---

பதுளை ஆங்கில ஆசிரியை

நானுஓயா ஐயா, இந்த இழை பரீட்சை ஆங்கிலத்தைப் பற்றியதல்ல. ஆனாலும் உங்கள் கேள்வி லிந்துலைச் சகோதரிக்கும் பயன்படும் என்பதால் பதில் சொல்கிறேன்.

ஆங்கிலச் சித்திரக்கதைகளில் பெரும்பாலானவற்றில், மாங்கா மொழிபெயர்ப்புகள் உட்பட, பலூன் முழுவதும் பெரிய எழுத்துகளிலேயே அச்சிடப்பட்டிருக்கும். டின்டினின் ஆங்கிலப் பதிப்பு இதற்கு விதிவிலக்கு, அதில் சிறிய எழுத்துகள் வருகின்றன. நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் சிறிய எழுத்துகளையே பார்த்துப் பழகியவர்கள். பழகிய எழுத்துகளில் இருக்கும் சொல்லையே அவர்கள் விரைவாக அடையாளம் காண்கிறார்கள். முழுவதும் பெரிய எழுத்தில் வாசித்துப் பழக்கமில்லாததால் தெரிந்த சொல்லும் தெரியாத சொல் போலாகிவிடுகிறது. என் வகுப்பில் ஒரே பந்தியை இரண்டு விதமாகவும் எழுதிக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். பலவீனமான மாணவர்கள் பெரிய எழுத்தில் தெளிவாகவே பின்தங்கினார்கள். சில நாட்கள் தொடர்ந்து வாசித்தால் கண் பழகிவிடும். ஆனால் வாசிக்கவே விரும்பாத பிள்ளை அந்தச் சில நாட்கள் பொறுக்க மாட்டான். எனவே இவனுக்கு ஆங்கில மாங்கா வேண்டாம், தமிழிலேயே தொடங்குங்கள் என்பது என் கருத்து.

---

மஸ்கெலியா அண்ணன்

டீச்சர் சொல்வதை நான் முழுமையாக ஏற்கவில்லை. நானும் தரம் 10 வரை ஒரு புத்தகம் முழுதாக வாசித்ததில்லை. என்னை வாசிக்க வைத்தது ஆங்கில மாங்காதான். அனிமேயில் கதையை முன்பே பார்த்திருந்தேன். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருந்ததால் தெரியாத சொல் வந்தாலும் வழி தவறவில்லை. வலமிருந்து இடமாகப் பக்கம் புரட்டுவதற்கு ஒரு மாலைப் பொழுது போதுமாக இருந்தது.

அக்கா, தம்பி கரப்பந்து விளையாடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஹைக்யூ என்ற மாங்கா முழுவதும் கரப்பந்துதான். ஹருஇச்சி ஃபுருததே என்பவர் 2012இலிருந்து 2020 வரை எழுதி வரைந்தது, மொத்தம் 45 பாகங்கள். உயரம் குறைந்த ஒரு பையன் உயர்நிலைப் பாடசாலை அணியில் சேர்ந்து விளையாடும் கதை. அனிமேயும் இருக்கிறது. அவன் ஏற்கெனவே பார்த்திருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள்.

---

லிந்துலை அம்மா

சேர், நீங்கள் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை காலை செய்து பார்த்தேன். மழை விட்டிருந்ததால் வாசல் திண்ணையில் உட்கார்ந்தோம்.

படக் கேள்விகளுக்கெல்லாம் உடனே பதில் சொன்னான். நான் கவனிக்காத ஒன்றையும் காட்டினான்: முதல் பக்கத்தில் பின்னால் நிற்கும் ஒருவனின் தொப்பியில் இருக்கும் கிழிசல், பதினைந்து பக்கம் தள்ளி முகமூடி அணிந்து வருபவனின் தொப்பியிலும் இருக்கிறதாம். பலூன் கேள்விகளில் ஒன்றுக்கும் அவனிடம் விடை இல்லை. அவர்கள் எதற்காக அந்த ஊருக்குப் போகிறார்கள் என்பதே தெரியவில்லை. "அது எழுத்துல இருக்கும்மா" என்றான்.

வாய்விட்டு வாசித்தபோது மெதுவாக வாசித்தான், ஆனால் பிழையில்லாமல் வாசித்தான். தடுமாறிய இடங்கள் மட்டும் எனக்குப் புதிராக இருந்தன. "சந்தேகப்படுகிறார்கள்" என்ற சொல் பலூனில் இடம் போதாமல் மூன்று வரிகளில் உடைந்திருந்தது. "சந்தேகப்" என்று நிறுத்தி, "படுகி" என்று வாசித்து, திரும்ப மேலே போய் முதலிலிருந்து தொடங்கினான். இப்படி ஒரே பக்கத்தில் நான்கு இடங்கள். இரண்டாவது பக்கம் கேட்டேன், தலை வலிக்கிறது என்று எழுந்துவிட்டான்.

ஹைக்யூ பற்றிக் கேட்டேன். அனிமே முழுவதும் பார்த்துவிட்டானாம். அது புத்தகமாக இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது.

---

ஹட்டன் நூலகப் பொறுப்பாசிரியர்

மிக நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். மூன்று விடயங்கள் தெரிகின்றன.

அவனுக்கு எழுத்துகளை இனங்காண்பதில் அடிப்படைக் குறைபாடு இருப்பதாகத் தெரியவில்லை. அப்படி இருந்திருந்தால் முதல் எழுத்தை மட்டும் பார்த்து வேறு சொல்லை ஊகித்துச் சொல்வது, வரி மாறிப் போவது, கெ - கே, கொ - கோ போன்ற குறிகளில் ஓயாமல் குழம்புவது ஆகியவை உடையாத சொற்களிலும் வந்திருக்கும். அவை இருந்தால் எந்தச் சித்திரக்கதையும் தீர்வாகாது, வலயக் கல்விப் பணிமனையின் விசேட கல்விப் பிரிவில் பேச வேண்டியிருக்கும். ஆனால் தலைவலி என்றானே, அதை விட்டுவிடாதீர்கள். கண்ணை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். பந்தைத் தூரத்தில் நன்றாகக் காண்கிறான் என்பதற்காகக் கிட்டத்தில் இருக்கும் எழுத்தும் தெளிவாகத் தெரியும் என்று சொல்ல முடியாது. பகல் வெளிச்சத்தில் செய்யச் சொன்னது இதற்காகத்தான். நல்ல வெளிச்சத்திலும் ஒரே பக்கத்தில் தலைவலி வந்தால், ஒன்று கண், இல்லையென்றால் எழுத்தின் அளவு.

இரண்டாவது, அந்த எழுத்தின் அளவுதான். பிரெஞ்சு மொழியில் எழுதிய வசனத்துக்கு ஏற்ற அளவில் வரைந்த பலூனுக்குள் தமிழ் வசனத்தை அடைக்கிறார்கள். அங்கே இரண்டு மூன்று சிறு சொற்களாக வருவது நம் மொழியில் விகுதிகள் சேர்ந்து ஒரே நீண்ட சொல்லாக வருகிறது. அந்தச் சொல் குறுகிய பலூனுக்குள் போக வேண்டுமென்றால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டும், அல்லது சொல்லை உடைக்க வேண்டும். பதிப்பாளரைக் குறை சொல்ல இதில் எதுவுமில்லை. ஆனால் வாங்கும் நாம் பார்க்க வேண்டும். கடையில் புத்தகத்தின் நடுவில் எங்காவது மூன்று பக்கங்களைத் திறந்து, மகனின் தரம் 9 தமிழ்ப் பாடநூலை அருகில் வையுங்கள். பலூன் எழுத்து பாடநூல் எழுத்தைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி சிறிதாக இருந்தால் இப்போதைக்கு வேண்டாம். ஒரு பக்கத்தில் உடைந்த சொற்கள் இரண்டுக்கு மேல் இருந்தாலும் வேண்டாம். முதல் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கே கதை முன்னுரை நிறைந்திருக்கும், அல்லது ஒரே பெரிய படமாக இருக்கும்.

மூன்றாவதுதான் என் பார்வையில் முக்கியமானது. தொப்பிக் கிழிசலைக் கண்டுபிடித்த பிள்ளைக்குப் படத்திலேயே கதை கிடைத்துவிடுகிறது. பலூனைப் படிக்க வேண்டிய தேவை அவனுக்கு எழவில்லை. படம் சொன்னதையே எழுத்தும் சொல்லும் புத்தகத்தை இவனுக்கு எத்தனை கொடுத்தாலும் பத்து நிமிடத்தில் பார்த்து வைத்துவிடுவான். படம் ஒரு கேள்வியை எழுப்பி, அதற்கான விடை எழுத்தில் மட்டுமே இருக்கும் பக்கங்கள் இவனுக்கு வேண்டும்.

இங்கேதான் பண்டாரவளை ஐயாவோடு நான் வேறுபடுகிறேன். இரும்புக்கை மாயாவி பிரிட்டிஷ் வார இதழில் 1962இல் தொடங்கிய தொடர். வாரத்துக்குச் சில பக்கங்களே வந்ததால் சென்ற வாரம் நடந்ததை மீண்டும் சொல்லிக்கொண்டே போகும். "மாயாவி மின்கம்பியைத் தொடுகிறார்" என்று மேலே எழுதியிருக்கும், கீழே அவர் மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருப்பார். எழுத்துக் கூட்டி வாசிக்கும் சிறு பிள்ளைக்கு இது பெரிய உதவி, ஏனெனில் படம் சொல்லுக்குச் சாட்சியாக நிற்கிறது. இந்தப் பையனுக்கு அதுவே எழுத்தைத் தாண்டிப் போக வசதியாகிவிடும். "இரத்தப் படலம்" நேர்மாறானது. அதில் சதியும் பெயர்களும் முழுக்க முழுக்க வசனத்தில் இருக்கின்றன, ஒரு பலூனைத் தவறவிட்டால் அடுத்த பாகம் புரியாது. அதை ஒரு வருடம் கழித்துக் கொடுக்கலாம்.

இடைப்பட்டதாக நான் கொடுப்பது டெக்ஸ் வில்லர். 1948இல் இத்தாலியில் தொடங்கிய இந்தத் தொடரைச் சிவகாசியில் தொடர்ந்து தமிழில் வெளியிடுகிறார்கள். கறுப்பு வெள்ளை இதழ்களில் ஒரு பக்கத்துக்கு மூன்று வரிசைகளில் ஆறு கட்டங்களுக்கு மேல் அதிகம் வராது, ஆகவே பலூனுக்கு இடம் தாராளமாகக் கிடைக்கிறது. துரத்தலும் சண்டையும் படத்தில் நடக்கின்றன. யாரைத் துரத்துகிறார்கள், ஏன் துரத்துகிறார்கள் என்பது முகாம் தீயைச் சுற்றி உட்கார்ந்து பேசும் பேச்சில் இருக்கிறது. அந்தப் பேச்சைத் தாண்டிப் போனவன் அடுத்த சண்டையில் யார் பக்கம் நிற்பதென்று தெரியாமல் திரும்பி வருவான். அப்படிப் பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டுகிறானா என்று மட்டும் பாருங்கள். வாசிக்கிறான் என்பதற்கு என் அனுபவத்தில் அதைவிட நம்பகமான அடையாளம் இல்லை.

---

பண்டாரவளைச் சேகரிப்பாளர்

ஆசிரியர் சொன்னதை இரண்டு முறை வாசித்தேன். மாயாவியில் படமும் எழுத்தும் ஒன்றையே சொல்கின்றன என்பதை இத்தனை வருடங்களில் நான் நினைத்துப் பார்த்ததில்லை. அலுமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது. இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு அந்தப் புத்தகம் பிடித்ததற்குக் கதை மட்டும் காரணமல்ல, அடுத்த வீட்டுப் பையனும் அதையே படித்தான் என்பதும் ஒரு காரணம். தனியாக ஒரு பிள்ளையின் கையில் எவ்வளவு பொருத்தமான புத்தகத்தைக் கொடுத்தாலும், பேசுவதற்கு ஆள் இல்லையென்றால் நிற்குமா என்று எனக்குச் சந்தேகம்.

சகோதரி, என்னிடம் டெக்ஸ் இதழ்கள் இரட்டைப் பிரதியாக உள்ளன. எழுத்துப் பெரிதாக உள்ள இரண்டை எடுத்து வைக்கிறேன், விலை வேண்டாம்.

---

நானுஓயா தந்தை

கத்தி, துப்பாக்கி, குடி இவையெல்லாம் உள்ள புத்தகங்களை 14 வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பது சரியா? மாங்காவில் இன்னும் மோசமானவை வருகின்றன என்று கேள்விப்படுகிறேன்.

---

மஸ்கெலியா அண்ணன்

ஐயா, ஆங்கில மாங்காவின் பின்னட்டையில் வயதுக் குறியீடு இருக்கும். விஸ் நிறுவனப் பதிப்புகளில் "ஏ" எல்லா வயதினருக்கும், "டி" பதின்வயதினருக்கும், "டி பிளஸ்" பதின்வயதில் மூத்தவர்களுக்கும், "எம்" வளர்ந்தவர்களுக்கும். ஹைக்யூ "டி". முன்னட்டையை மட்டும் பார்த்து வாங்காமல் பின்னால் திருப்பிப் பார்த்தால் போதும்.

அக்கா, ஆறாவது பாகத்திலிருந்து தொடங்கச் சொன்னால் நானும் தொட்டிருக்க மாட்டேன். முதலாம் பாகம் கிடைக்காவிட்டால் அந்தத் தொடரை வாங்கவே வேண்டாம். கைத்தொலைபேசியில் பார்ப்பதென்றால் ஜப்பானியப் பதிப்பாளரே நடத்தும் மாங்கா பிளஸ் என்ற செயலி இருக்கிறது. தொடர்களின் முதல் மூன்று அத்தியாயங்களையும் அண்மைய மூன்றையும் பெரும்பாலும் இலவசமாக வாசிக்கலாம். வாங்குவதற்கு முன்பு அதில் பிடிக்கிறதா என்று பார்த்துவிடலாம். என்னிடம் ஹைக்யூ முதலாம் பாகம் இருக்கிறது, தருகிறேன்.

---

பதுளை ஆங்கில ஆசிரியை

கதை முன்பே தெரியும் என்பது உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் அச்சம் வேறு. கதை தெரிந்தவன் படத்தை மட்டும் பார்த்துப் போவது இன்னும் சுலபமாகிவிடாதா? அதிலும் விளையாட்டு மாங்காவில் பந்து பறக்கும் பக்கங்களில் சொல்லே இருக்காது.

---

ஹட்டன் நூலகப் பொறுப்பாசிரியர்

டீச்சரின் அச்சம் நியாயமானது. பெரும்பாலான சண்டை மாங்காக்களுக்கு அது பொருந்தும், அதனால்தான் நான் அவற்றை முதலில் கொடுப்பதில்லை. ஹைக்யூவில் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் நிற்பவர்கள் அது ஏன் அப்படி நடந்தது என்று விளக்கிக்கொண்டிருப்பார்கள். தொடக்க அத்தியாயங்களில் கதாநாயகன் கண்ணை மூடிக்கொண்டு பந்தை அடிப்பான். பந்தை உயர்த்திக் கொடுப்பவன் அவன் கை வரும் இடத்துக்கே பந்தைக் கொண்டுபோய் வைப்பான். படத்தில் ஓர் அடி தெரியும். அது எவ்வளவு கடினம் என்பது பார்ப்பவர்களின் பேச்சில்தான் விளங்கும். அனிமேயில் இதைக் கடந்து போயிருப்பான். மைதானத்தில் விளையாடுகிறவன் புத்தகத்தில் நின்று பார்ப்பான் என்று எதிர்பார்க்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆங்கிலமா தமிழா என்பதில் நான் எந்தப் பக்கமும் சாயவில்லை. இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு, எதைக் கையில் எடுக்கிறான் என்று பாருங்கள். ஒன்றை முடித்தால்தான் மற்றது என்று சொல்லிவிடாதீர்கள்.

---

லிந்துலை அம்மா

மூன்று வாரங்கள் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கண்ணைப் பரிசோதித்தோம். கிட்டத்தில் வைத்து வாசிப்பதற்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை நாள் நான் இதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கும்போது மனம் பாரமாக இருக்கிறது. கண்ணாடி வந்து எட்டு நாட்கள்தான் ஆகின்றன.

பண்டாரவளை ஐயா அனுப்பிய இரண்டு டெக்ஸும், மஸ்கெலியாத் தம்பி கொடுத்த ஹைக்யூவும் மேசையில் இருந்தன. ஹைக்யூவைத்தான் முதலில் எடுத்தான். நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பக்கத்தைக் காட்டி, "அம்மா, இதுதான் பிளொக், இப்படித்தான் எழுதுவாங்களா?" என்று கேட்டான். பிளொக், செட், ரிசீவ் என்று தினமும் மைதானத்தில் கத்தும் சொற்களை எழுத்தில் கண்டதே இல்லையாம். பெரிய எழுத்து அவனுக்கு இடைஞ்சலாகத்தான் இருந்தது, டீச்சர் சொன்னது உண்மை. முதல் நாள் நான்கு பக்கங்களுக்கு மேல் போகவில்லை. பலூன்களை முழுதாக வாசிக்கிறானா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டும். தெரிந்த சொல் இருக்கும் பலூனில் நிற்கிறான், மற்றவற்றைக் கடந்து போகிறான். கண் மூடி அடிக்கும் அந்த இடம் இந்தப் பாகத்தில் எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறான்.

டெக்ஸை நான் வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாம் நாள் இரவு நான் எழுபதாம் பக்கத்தில் இருந்தபோது, "அந்தத் தரகன் நல்லவனா கெட்டவனா?" என்று கேட்டேன், உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டேன். புத்தகத்தை வாங்கிப் பார்த்தான். படத்தில் அந்த மனிதன் சிரித்துக்கொண்டு கைகொடுக்கிறான். நல்லவன் என்றான். சிறிது நேரம் கழித்துப் பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டினான், சேர். நான் ஒன்றும் பேசாமல் பருப்பைப் பார்ப்பது போல எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது, "இல்லம்மா, அம்பதாம் பக்கத்துல அந்தக் குள்ளன் இவனைப் பத்திச் சொல்றான், இவன்தான் துப்பாக்கி வித்தவன்" என்றான். அது பலூனில் மட்டும்தான் இருக்கிறது, நான் போய்ப் பார்த்தேன்.

இரண்டாவது டெக்ஸை அவன் இன்னும் எடுக்கவில்லை. முதலாவதையும் முழுதாக முடித்தானா என்று தெரியாது, நான் கேட்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை அதைப் பையில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போயிருக்கிறான். இப்போது புத்தகம் அவனுடைய அணியில் விளையாடும் ஒரு சிங்களப் பையனிடம் இருக்கிறதாம். அந்தப் பையனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இவன் பலூன்களைச் சிங்களத்தில் சொல்லிக் காட்டுகிறானாம்.

---

பண்டாரவளைச் சேகரிப்பாளர்

அப்படியென்றால் அந்தப் பிரதி திரும்பி வர வேண்டாம், மைதானத்திலேயே சுற்றட்டும்.

---

பதுளை ஆங்கில ஆசிரியை

சிங்களத்தில் சொல்லிக் காட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு பலூனையும் முழுதாக வாசித்தாக வேண்டும். இது எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

---

ஹட்டன் நூலகப் பொறுப்பாசிரியர்

சகோதரி, கண்ணாடியைப் பற்றி மனம் வருந்தாதீர்கள். கரும்பலகை தெரிகிறது என்பதால் வகுப்பிலும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது டெக்ஸை அப்படியே மேசையில் விடுங்கள். அதில் எந்தப் பக்கத்திலாவது மூன்று வரிகளாக உடைந்த சொற்கள் நிறைய இருக்கின்றனவா என்று நீங்கள் ஒருமுறை பார்த்து வையுங்கள். இருந்தால் எனக்கு எழுதுங்கள், எங்கள் அலுமாரியிலிருந்து வேறொன்றை மாற்றித் தருகிறேன். ஹைக்யூவில் அவன் தேடும் இடத்துக்கு இரண்டாம் பாகமும் தேவைப்படும் என்று நினைக்கிறேன். அது என்னிடம் இல்லை. யாரிடமாவது இருக்கிறதா?

---

மஸ்கெலியா அண்ணன்

என்னிடம் இருந்தது, நண்பன் ஒருவன் வாங்கிப் போனான். சனிக்கிழமை கேட்டு வாங்கி ஹட்டன் பஸ் நிலையத்தில் கொடுக்கிறேன். அக்கா, அதுவரை அவனிடம் சொல்ல வேண்டாம், கிடைக்காமல் போகவும் கூடும்.